வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியிடம் அட்வைஸ் கேட்டு எழுதுவது எப்படி

கோவையில் ஒரு சின்ன மென்பொருள் ஆலோசனை நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பணம் டாலரில் வருகிறது. அந்தப் பணம் வந்ததற்கு வங்கி தரும் தாளை 'இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸ்' என்பார்கள், சுருக்கமாக அட்வைஸ். ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்கு ஆடிட்டர் முதலில் கேட்பது இதைத்தான். இதை எஃப்.ஐ.ஆர்.சி., அதாவது வெளிநாட்டுப் பணவரவுச் சான்றிதழ், என்று பழக்கத்தில் சொல்லும் பெயரில் கேட்டு நான் எழுதிய முதல் மெயில் இப்படி இருந்தது:

> ஐயா, ஜூன் மாதம் எங்கள் கணக்கில் வந்த வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.ஐ.ஆர்.சி. தேவைப்படுகிறது. இன்வாய்ஸ் எண்கள் EXP/24-25/011, 012. தொகை 5,000 டாலர். ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்கு மிகவும் அவசரம். தயவுசெய்து உடனே அனுப்பவும்.

ஒன்பது நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. 5,000 டாலருக்கு உங்கள் கணக்கில் வரவு எதுவும் இல்லை. ஏற்றுமதிப் பணத்துக்கு எஃப்.ஐ.ஆர்.சி. தருவதில்லை. இரண்டுமே சரியான பதில்தான். பணம் வந்திருந்தது, தாளும் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் என் கடிதத்தை வைத்துக்கொண்டு யாராலும் அதைத் தேடி எடுத்திருக்க முடியாது.

அந்த மெயிலில் இருந்தது எல்லாம் என் பக்கத்து விவரம். இன்வாய்ஸ் எண் நான் போட்டது, 5,000 என்பது நான் கேட்ட தொகை, அவசரமும் என்னுடையது. வங்கியின் திரையில் அந்தப் பணம் எந்த எண்ணில், எந்தத் தேதியில், எந்தத் தொகையில் நிற்கிறதோ அது ஒன்றுகூட அதில் இல்லை. அதே மெயிலைத் திருத்தி எழுதிய வழியை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். சேவை ஏற்றுமதியை வைத்துத்தான் எழுதுகிறேன். சரக்கு ஏற்றுமதி செய்பவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே குறிப்பிடுகிறேன்.

படி 1: எந்தத் தாள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் எல்லோரும் பழக்கத்தில் எஃப்.ஐ.ஆர்.சி. என்றே சொல்கிறோம். ஆடிட்டரும் அப்படித்தான் கேட்பார், ஜி.எஸ்.டி. படிவத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றுமதிப் பணத்துக்குக் காகிதத்தில் எஃப்.ஐ.ஆர்.சி. கொடுப்பதை வங்கிகள் 2016 வாக்கிலேயே நிறுத்திவிட்டன. வெளிநாட்டு முதலீடு போன்ற வரவுகளுக்குத்தான் அந்தச் சான்றிதழ் இன்னும் தரப்படுகிறது. நமக்குக் கிடைப்பது அட்வைஸ். சில வங்கிகள் இதையே ஸ்டேட்மென்ட் என்று சொல்கின்றன. யார் அனுப்பினார்கள், எவ்வளவு, எந்த விகிதத்தில் ரூபாயானது, எதற்காக வந்தது என்ற விவரங்கள் இதிலும் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் 'எஃப்.ஐ.ஆர்.சி. வேண்டும்' என்று மட்டும் எழுதினால், அந்த ஒரு சொல்லை வைத்தே கோரிக்கையை மூடிவிடுவார்கள். இப்போது நான் எழுதுவது 'இந்த ஏற்றுமதி வரவுக்கான இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸ், அட்வைஸ் எண்ணும் தேதியும் உள்ளபடி' என்று. எண்ணும் தேதியும் என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரீஃபண்ட் விண்ணப்பமான RFD-01-இல் சேவை ஏற்றுமதிக்கான பட்டியலில், ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எதிரே பணவரவுச் சான்றின் எண், தேதி, தொகை மூன்றையும் நிரப்ப வேண்டும். எண் இல்லாத ஒரு வெறும் கடிதத்தை வங்கி கொடுத்தால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

சரக்கு ஏற்றுமதியில் ஒரு வேறுபாடு. பணம் ஒரு வங்கியில் வந்து, ஷிப்பிங் பில் இன்னொரு வங்கியில் இருந்தால், நீங்கள் கேட்க வேண்டியது இந்த அட்வைஸ் அல்ல. அந்த வரவை, ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் EDPMS அமைப்பு வழியாக இரண்டாவது வங்கிக்கு மாற்றித்தரும்படி கேட்க வேண்டும். கையில் அட்வைஸை வாங்கிக்கொண்டு இரண்டாவது வங்கிக்குப் போனால் ஷிப்பிங் பில் மூடப்படாது.

ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான மின்னணுச் சான்றான இ.பி.ஆர்.சி. என்பதும் வேறு. வங்கி தன் வரவு விவரத்தை வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்துக்கு அனுப்புகிறது. அதன் மேல் ஏற்றுமதியாளரே உறுதிமொழி கொடுத்து இ.பி.ஆர்.சி. உருவாக்கிக்கொள்ளும் முறை 2023 நவம்பரில் வந்தது. அதற்கும் IRM எண் எனப்படும் வங்கியின் வரவு எண் தேவை. எனவே அட்வைஸ் கேட்கும்போதே அந்த எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொரு மெயில் எழுதும் வேலை மிச்சமாகும்.

படி 2: பணம் உங்கள் வங்கிக்கு வெளிநாட்டிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள்

இது ஒரு நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் கார்டில் கட்டினாலோ, ஏதாவது ஒரு பணப்பரிமாற்றத் தளம் வழியாக அனுப்பினாலோ, அந்த டாலர் முதலில் அந்தத் தளத்தின் வங்கிக்கு வருகிறது. அங்கே ரூபாயாகி, உங்கள் கணக்குக்கு NEFT ஆகவோ IMPS ஆகவோ வருகிறது. உங்கள் வங்கியைப் பொறுத்தவரை அது உள்நாட்டு வரவு. அதற்கு அட்வைஸ் கொடுக்க அவர்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. எத்தனை முறை எழுதினாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள்.

பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள். விவரத்தில் NEFT என்றோ IMPS என்றோ இருந்து, அனுப்பியவர் பெயரில் இடைத்தளத்தின் பெயர் இருந்தால், கோரிக்கையை அந்தத் தளத்துக்கு அனுப்புங்கள். அவர்களுடைய வங்கி தரும் அட்வைஸைத் தங்கள் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ள வசதி வைத்திருப்பவர்களும் உண்டு. வெளிநாட்டு வரவு என்றால் அந்த வரியில் வங்கியின் சொந்த இன்வர்ட் எண் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதை ஒட்டியே மாற்று விகிதமும் டாலர் தொகையும் வரும்.

படி 3: பணத்தின் அடையாளங்களை வங்கியின் கண்ணோடு எடுங்கள்

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. என் ஜூன் வரவையே எடுத்துக்கொள்கிறேன். எண்கள் மட்டும் மாற்றப்பட்டவை, கணக்கு அதேதான்.

இரண்டு இன்வாய்ஸ்கள். ஒன்று 3,200 டாலர், மற்றது 1,800 டாலர். வாடிக்கையாளர் இரண்டையும் சேர்த்து 5,000 டாலராக 2024 ஜூன் 11 அன்று அனுப்பினார். என் கணக்கில் ஜூன் 13 அன்று ரூபாயாக விழுந்தது 4,12,960.42. இந்த ரூபாய்த் தொகையை வைத்துத் தேடினாலும் அட்வைஸ் கிடைக்காது, 5,000 டாலரை வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஏன் என்று பார்ப்போம்.

வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து பணம் நேராக நம் வங்கிக்கு வருவதில்லை. நடுவில் இன்னொரு வங்கி இருக்கும், அது தன் கட்டணத்தைப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அனுப்பும்போது கட்டணப் பிரிவில் SHA என்று போட்டிருந்தால் இது நடக்கும். அனுப்புபவர் OUR என்று தேர்ந்தெடுத்தால் எல்லாக் கட்டணமும் அவர் தலையில் விழும். எனக்கு SHA. நடு வங்கி 25 டாலர் எடுத்துக்கொண்டது. ஆக, நம் வங்கிக்கு வந்தது 4,975 டாலர். வங்கியின் திரையில் இருப்பது இந்த எண்தான்.

அடுத்து ரூபாய். அன்று வங்கி கொடுத்த விகிதம் 83.10. 4,975 டாலரை அதால் பெருக்கினால் 4,13,422.50 ரூபாய். ஆனால் கணக்கில் விழுந்தது 462.08 ரூபாய் குறைவு. இது நாணயத்தை மாற்றிக் கொடுத்த சேவைக்கான ஜி.எஸ்.டி. விதிப்படி, ஒரு லட்சம் வரையிலான தொகைக்கு 1 சதவீதமும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 0.5 சதவீதமும் சேவை மதிப்பாகக் கணக்கிடப்படும். முதல் லட்சத்துக்கு 1,000 ரூபாய். மீதி 3,13,422.50-க்கு 0.5 சதவீதம் என்றால் 1,567.11. மொத்தம் 2,567.11. அதற்கு 18 சதவீத வரி 462.08. அட்வைஸில் அச்சாவது வரி கழிக்காத 4,13,422.50. உங்கள் பாஸ்புக்கில் இருப்பது கழித்த 4,12,960.42. சில வங்கிகள் முழுத் தொகையையும் வரவு வைத்துவிட்டு வரியைத் தனிப் பதிவாகக் கழிக்கும். அப்படியானால் குழப்பம் இல்லை. ஒரே பதிவில் கழித்து வைத்தால், நீங்கள் கொடுக்கும் தொகையும் அவர்கள் தேடும் தொகையும் பொருந்தாது.

தேதியிலும் இதே கதைதான். அனுப்பிய நாள் ஒன்று, பணம் வங்கிக்குக் கிடைத்ததாகக் கணக்கிடும் மதிப்புத் தேதி ஒன்று, உங்கள் கணக்கில் விழுந்த நாள் ஒன்று. பணம் எதற்காக வந்தது என்று காட்டும் பர்ப்பஸ் கோடு கேட்டு வங்கி காத்திருந்தால் கடைசி இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம்கூட ஆகலாம். நான் இரண்டு தேதிகளையும் எழுதிவிடுகிறேன். எது எந்தத் தேதி என்று பெயர் சொல்லித்தான் எழுதுவேன்.

எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம் வங்கியின் இன்வர்ட் ரெஃபரன்ஸ் எண். பணம் வந்த அன்று வங்கி அனுப்பும் மெயிலில் இருக்கும், இல்லையென்றால் பாஸ்புக் விவரத்தில் இருக்கும். அது ஒன்று கையில் இருந்தால் மற்றவை சரிபார்ப்பதற்கு மட்டும்தான். அது கிடைக்கவே இல்லை என்றால், வாடிக்கையாளரிடம் அவர் வங்கி கொடுத்த பணம் அனுப்பிய நகலைக் கேளுங்கள். அதில் UETR என்று 36 எழுத்து நீளத்தில், நடுவில் கோடுகளுடன் ஒரு எண் இருக்கும். ஒரு பணம் எத்தனை வங்கிகள் வழியாகப் போனாலும் அந்த எண் மாறாது. நம் வங்கியின் வெளிநாட்டுப் பணப்பிரிவு அதை வைத்தே தேடி எடுத்துவிடும். அதை வெட்டி ஒட்டுங்கள், கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

அப்புறம், அனுப்பியவரின் பெயர். உங்கள் இன்வாய்ஸில் உள்ள பெயரை எழுதாதீர்கள், பணத்தோடு வந்த பெயரை எழுதுங்கள். தாய் நிறுவனம் கட்டியிருக்கலாம், அவர்களுடைய கணக்குப் பிரிவு நிறுவனம் கட்டியிருக்கலாம். இரண்டு பெயரும் வேறு என்றால், அந்த வேறுபாட்டைக் கடிதத்தில் நீங்களே சொல்லி, ஏன் என்று வாடிக்கையாளர் தந்த ஒரு வரி உறுதிக்கடிதத்தையும் இணையுங்கள். சொல்லாமல் விட்டால் வங்கி எப்படியும் கேட்கும். கேட்காவிட்டால் பிறகு ரீஃபண்ட் அதிகாரி கேட்பார்.

படி 4: பர்ப்பஸ் கோடைப் பார்க்காமல் அட்வைஸ் கேட்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பணத்துக்கும் எதற்காக வந்தது என்று ரிசர்வ் வங்கியின் கோடு ஒன்று போடப்படும். மென்பொருள் ஆலோசனைக்கு P0802. வணிக, மேலாண்மை ஆலோசனைக்கு P1006. சரக்கு ஏற்றுமதிக்கு முன்பணம் என்றால் P0103. இந்தக் கோடு அட்வைஸில் அச்சாகும்.

எனக்குத் தெரிந்த ஒரு வடிவமைப்பாளர், தனியாக வேலை செய்பவர், தன் கணக்குக்கு வந்த பணத்துக்கு வங்கி கேட்டபோது பதில் சொல்லத் தவறிவிட்டார். கிளையில் P1301 என்று போட்டு வரவு வைத்துவிட்டார்கள். அது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணத்துக்கான கோடு. அவர் அட்வைஸ் வாங்கி, அதைப் பார்க்காமலே ரீஃபண்டுக்கு இணைத்தார். இது ஏற்றுமதிப் பணம் என்பதற்கு என்ன சான்று என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். தாளில் குடும்பச் செலவு என்று இருக்கிறதே.

ஆகவே முதலில் கோடு என்ன என்று கேளுங்கள். தவறாக இருந்தால், அட்வைஸில் மாற்றித்தரச் சொல்லாதீர்கள். வங்கியின் பதிவிலேயே திருத்தச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் அட்வைஸ் அந்தப் பதிவிலிருந்து வரும் அச்சு மட்டுமே. இன்வாய்ஸையும் ஒப்பந்தத்தையும் இணைத்து, இந்தக் கோடு தவறு, இதுதான் சரி, காரணம் இது என்று தனிக் கடிதமாக எழுதுங்கள். வங்கி அந்த வரவை ரிசர்வ் வங்கிக்கு ஏற்கெனவே அறிக்கை செய்திருக்கும் என்பதால் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும். திருத்தம் முடிந்த பிறகே அட்வைஸ் கேளுங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் கேட்டால் பழைய கோடோடு ஒரு அட்வைஸ் வந்து சேர்ந்துவிடும். பிறகு ஒரே பணத்துக்கு இரண்டு தாள்கள் உலவும்.

படி 5: கடிதத்தை எழுதுங்கள்

விவரங்கள் கையில் வந்த பிறகு எழுதுவது பத்து நிமிடம்தான். மெயிலின் தலைப்பிலேயே மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன வேண்டும், இன்வர்ட் எண், டாலர் தொகை. பெட்டியில் நூறு மெயில் கிடக்கும் ஒருவர் திறக்காமலே இது யாருக்குப் போக வேண்டியது என்று முடிவு செய்ய வேண்டும். என் திருத்திய கடிதம் இது:

> தலைப்பு: இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸ் கோரிக்கை, இன்வர்ட் எண் INW0024581, அமெரிக்க டாலர் 4,975.00
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> எங்கள் நடப்புக் கணக்கில், கடைசி நான்கு இலக்கம் 4417, வரவு வைக்கப்பட்ட கீழ்க்கண்ட ஏற்றுமதிப் பணத்துக்கு இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸ் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> வங்கியின் இன்வர்ட் எண்: INW0024581
> வங்கிக்கு வந்த தொகை: அமெரிக்க டாலர் 4,975.00
> மதிப்புத் தேதி: 11-06-2024
> கணக்கில் வரவு வைத்த தேதி: 13-06-2024
> மாற்று விகிதம்: 83.10
> ரூபாய் மதிப்பு: 4,13,422.50, நாணய மாற்று வரி 462.08 கழித்து வரவு 4,12,960.42
> அனுப்பியவர்: பணத்தோடு வந்த பெயர், நாடு
> பர்ப்பஸ் கோடு: P0802
>
> வாடிக்கையாளர் அனுப்பியது 5,000 டாலர். நடு வங்கிக் கட்டணமாக 25 டாலர் கழிக்கப்பட்டுள்ளது. இந்தப் பணம் EXP/24-25/011 (3,200 டாலர்), EXP/24-25/012 (1,800 டாலர்) ஆகிய இரண்டு இன்வாய்ஸ்களுக்கானது.
>
> அட்வைஸில் அதன் எண், தேதி, அனுப்பியவர் பெயர், டாலர் தொகை, விகிதம், பர்ப்பஸ் கோடு ஆகியவை இருக்குமாறு வேண்டுகிறோம். இந்த வரவுக்கான IRM எண்ணையும் தெரிவிக்கவும். இதே வரவுக்கு முன்பு அட்வைஸ் எதுவும் பெறவில்லை.
>
> கட்டணம் ஏதும் இருந்தால் மேற்கண்ட கணக்கிலேயே கழித்துக்கொள்ள ஒப்புதல் அளிக்கிறோம். வங்கியில் பதிவு செய்த இந்த மெயில் முகவரிக்கு அட்வைஸை அனுப்பினால் போதும்.
>
> இணைப்பு: வரவு உள்ள கணக்குப் பக்கம், இரண்டு இன்வாய்ஸ்கள், பணம் அனுப்பிய நகல்.

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். 'முன்பு பெறவில்லை' என்ற வரி இல்லாவிட்டால், ஏற்கெனவே கொடுத்ததா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று மெயில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். முன்பே வாங்கித் தொலைத்துவிட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். நகல் வேண்டும் என்று கேளுங்கள், நகல் என்று குறித்துத் தருவார்கள். கட்டண ஒப்புதலும் அப்படித்தான். கட்டணம் கழிக்கச் சம்மதமா என்று கேட்டு ஒரு மெயில், நாம் பதில் போட இரண்டு நாள் என்று போகாமல் இருக்கும்.

அவசரம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். உண்மையில் கடைசித் தேதி இருந்தால் அந்தத் தேதியையும் அது எதற்கு என்பதையும் எழுதலாம். உதாரணமாக, ரீஃபண்ட் அதிகாரியின் நோட்டீஸுக்கு இந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்று எழுதி, நோட்டீஸின் முதல் பக்கத்தை இணைக்கலாம். தேதியைப் பார்த்தால் வேலையை எந்த வரிசையில் எடுப்பது என்று அவர்களால் முடிவு செய்ய முடியும்.

முழுக் கணக்கு எண்ணை மெயிலில் எழுதாமல் கடைசி நான்கு இலக்கம் போதும் என்பது என் கருத்து. பதிவு செய்த மெயிலிலிருந்து போனால் கணக்கு அவர்களுக்குத் தெரியும். வேறு மெயிலிலிருந்து அனுப்பினால் பதிலே வராமல் போகலாம். வாடிக்கையாளரின் விவரம் அடங்கிய தாளை யாரென்று தெரியாத முகவரிக்கு அவர்கள் அனுப்பக்கூடாது, அனுப்பவும் மாட்டார்கள். கையெழுத்திட்டு லெட்டர்ஹெட்டில் கேட்கும் வங்கி என்றால், இதையே அச்சிட்டுக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் உள்ளவரே கையெழுத்திட வேண்டும். கணக்காளர் கையெழுத்து செல்லாது.

வெளிநாட்டுப் பணப்பிரிவு வேறு மாநிலத்தில் இருந்தால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்.

ஒரு காலாண்டுக்கு ஏழெட்டு வரவுகள் இருந்தால் எட்டு மெயில் வேண்டாம். ஒரே கடிதம், கூடவே ஒரு எக்செல் தாள், ஒரு வரவுக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் இன்வர்ட் எண் இருக்கட்டும், இன்வாய்ஸ் எண் கடைசியில் போகட்டும். ஒவ்வொரு வரவுக்கும் தனித்தனி அட்வைஸ் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தால் அதுவும் பயன்படும், இல்லாவிட்டால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

படி 6: யாருக்கு அனுப்புவது

அனுப்பும் முன் நெட்பேங்கிங்கில் ஒரு முறை தேடுங்கள். வெளிநாட்டு வணிகம் அல்லது ரெமிட்டன்ஸ் என்ற பிரிவில் அட்வைஸைப் பதிவிறக்கும் வசதியைப் பல வங்கிகள் வைத்துள்ளன. அங்கே கிடைத்தால் கடிதமே தேவையில்லை.

இல்லையென்றால், பணம் வந்த அன்று பர்ப்பஸ் கோடு கேட்டு எந்த முகவரியிலிருந்து மெயில் வந்ததோ அதற்கே பதிலாக அனுப்புங்கள், கிளைக்கு நகல் போடுங்கள். கிளை பல நேரம் அந்தப் பிரிவுக்கு அனுப்பிவைக்கும் இடம் மட்டும்தான். நேரில் போனால் ரெஃபரன்ஸ் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "எந்தப் பணம் சார்?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

கோரிக்கைக்கு ஒரு புகார் எண்ணோ சேவை எண்ணோ வாங்கிக்கொள்ளுங்கள். நினைவூட்டும்போது புது மெயில் தொடங்காமல் அதே மெயில் தொடரிலேயே எழுதுங்கள். பதிலே இல்லை என்றால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள் கடந்தும் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் பதிவு செய்யலாம். நான் அதுவரை போனதில்லை. கடிதம் சரியாக இருந்தபோதெல்லாம் குறைதீர் அதிகாரிக்குக் கீழேயே முடிந்திருக்கிறது.

படி 7: வந்த தாளைப் படித்துப் பாருங்கள்

மெயிலில் பி.டி.எஃப். வந்ததும் கோப்பில் போட்டு மூடிவிடத் தோன்றும். அன்றே ஐந்து நிமிடம் கொடுங்கள். ரீஃபண்ட் நோட்டீஸ் வரும்போது தவறைக் கண்டுபிடித்தால், அதற்குள் அந்தப் பதிவு பழையதாகி, திருத்தம் கேட்பது இன்னும் கடினமாகியிருக்கும்.

பெயர் உங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் உள்ளபடி இருக்கிறதா பாருங்கள். தனிநபர் நிறுவனமாக இருந்தால் சேமிப்புக் கணக்கில் பணம் வாங்கி, அட்வைஸில் உரிமையாளர் பெயர் மட்டும் வந்திருக்கும். இன்வாய்ஸில் நிறுவனப் பெயர் இருக்கும். அப்போது இரண்டும் ஒருவரே என்று காட்ட ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழையும் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்து தொகை. என் அட்வைஸில் 4,975 டாலர்தான் இருந்தது. 5,000 என்று மாற்றித்தரச் சொல்வதில் பயனில்லை. வங்கி தனக்கு வந்ததைத்தான் சான்றளிக்க முடியும். மீதி 25 டாலர் நடு வங்கிக் கட்டணம் என்பதற்கு வாடிக்கையாளரின் பணம் அனுப்பிய நகல்தான் சாட்சி. அதில் 5,000 என்றும் SHA என்றும் இருக்கிறது. நான் இந்த இரண்டையும் ஒரே பி.டி.எஃப். ஆகச் சேர்த்து வைக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் முதல் இன்வாய்ஸுக்கு 3,200, இரண்டாவதற்கு 1,775, கட்டணம் 25 என்று பிரித்து எழுதினேன். RFD-01 பட்டியலிலும் ஒரே அட்வைஸ் எண்ணை இரண்டு இன்வாய்ஸுக்கு எதிரேயும் இதே பிரிவோடு போட்டோம்.

இன்வாய்ஸ் எண் அட்வைஸில் இல்லையே என்று சிலர் பதறுவார்கள். பணம் அனுப்பியபோது குறிப்பில் வந்திருந்தாலோ, நீங்கள் பர்ப்பஸ் கோடு கொடுக்கும்போது சேர்த்துச் சொல்லியிருந்தாலோ சில வங்கிகளின் அட்வைஸில் அது அச்சாகும். அச்சாகாவிட்டாலும் தாள் செல்லும். எந்த அட்வைஸ் எந்த இன்வாய்ஸுக்கு என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒரு பக்கப் பட்டியல் கோப்பில் இருந்தால் போதும்.

படி 8: அடுத்த பணம் வரும் நாளுக்கு

கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அட்வைஸில் வரப்போகும் விவரங்கள் பணம் வந்த அன்றே முடிவாகிவிடுகின்றன. வங்கியிலிருந்து 'உங்களுக்கு இவ்வளவு டாலர் வந்துள்ளது, நோக்கம் தெரிவிக்கவும்' என்று மெயில் வருகிறதே, அதற்குக் கொடுக்கும் பதில்தான் அட்வைஸின் முதல் பிரதி. இப்போது அந்தப் பதிலிலேயே பர்ப்பஸ் கோடு, இன்வாய்ஸ் எண்கள், எந்தக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதோடு, 'வரவு வைத்தவுடன் இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸையும் IRM எண்ணையும் இதே மெயிலுக்கு அனுப்பவும்' என்ற வரியையும் சேர்த்துவிடுகிறேன். அந்த நேரத்தில் அந்தப் பணத்தின் பதிவு அவர்கள் திரையில் திறந்தே இருக்கும். இந்த வரி சேர்த்த பிறகு, பாதிக்கு மேற்பட்ட வரவுகளுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை.

வாடிக்கையாளரிடமும் இரண்டு வேண்டுகோள் வைத்தோம். பணம் அனுப்பும்போது குறிப்பில் இன்வாய்ஸ் எண்ணை எழுதுங்கள், அனுப்பியதும் நகலை எங்களுக்கு அனுப்புங்கள் என்று. இன்வாய்ஸின் அடியில், வங்கி விவரத்துக்குக் கீழேயே இதை அச்சிட்டிருக்கிறோம்.

அட்வைஸ்களைக் கோப்பில் வைக்கும்போது இன்வர்ட் எண்ணையும் மதிப்புத் தேதியையும் கோப்பின் பெயராக வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நெட்பேங்கிங்கில் அத்தனை காலத்துக்குப் பழைய அட்வைஸ் இருக்கும் என்று நம்பி விடாதீர்கள். அந்த ஜூன் வரவின் அட்வைஸ், திருத்திய மெயில் போன நான்காம் நாள் வந்தது. அதன் பெயர் `2024-06-11_INW0024581.pdf`.